மெழுகிய இடத்தில் இரண்டு வளையம்

தோட்டத்து வேலி வாசலில் காவல் நின்ற மாத்தா, மலாய்ப் போலீஸ்காரர், லாரியின் பின்பலகையைத் திறந்து பார்த்துவிட்டு, என் சாமான்களைக் கீழே இறக்கச் சொன்னார். இரண்டு இரும்பு வளையங்கள். சின்னது ஓரடி அகலம், பெரியது இரண்டடி. இரண்டுக்கும் அடியும் கிடையாது, மூடியும் கிடையாது. அவர் சின்னதைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்து, அதன் வழியாக என்னைப் பார்த்தார்.

"இனி அப்பா? பெரியுக் கா?"

இது என்ன, பானையா என்று கேட்டார். பானை இல்லை, மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் குடிக்கிறது என்று அளக்கிற சாமான் என்று என் அரைகுறை மலாயில் சொன்னேன். பக்கத்தில் தோளில் வாளி சுமக்கும் காண்டாக் கம்போடு நின்ற பெண் சிரித்துவிட்டாள்.

"அடியில்லாத பானைன்னு சொல்லு தம்பி. இதுல யாரு அரிசி கடத்த முடியும்? போட்டா கீழ கொட்டிருமே!"

மாத்தாவுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும் போலிருக்கிறது. அவரும் சிரித்தார். ஆனாலும் வளையங்களைத் தட்டிப் பார்த்தார், சம்மட்டியைப் பார்த்தார், என் பையிலிருந்த கோடிட்ட தாள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.  மணி ஏழு ஆகிவிட்டது. என் பாஸ் பகல் ஒரு மணி வரைக்கும்தான். ஒரு மணிக்கு எல்லாரும் வேலிக்குள் இருக்க வேண்டும். வெளியே நின்றால் சுடலாம் என்று போர்டில் நான்கு மொழிகளிலும் எழுதியிருந்தது.

இது மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம். அவசர காலம் இன்னும் முடியவில்லை. பகாவ் பக்கத்திலிருந்த அந்தத் தோட்டத்தில் அங்கங்கே சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை எல்லாம் பிரித்து, ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டி, சுற்றி இரண்டு வரிசை முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. சமதரையில் இடம் கிடைக்காததால் குன்றின் அடிவாரத்தில் கட்டினார்கள். குன்று முழுக்க ரப்பர் பால் மரம். போன மழைக்கு, மரங்கள் நிற்கும்போதே, குன்றிலிருந்து வந்த தண்ணீர் கடைசி வரிசை வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. அந்த வரிசையின் கடைசி வீடு என் அக்காவுடையது.

இப்போது அந்த மரங்கள் கிழடு தட்டிவிட்டன, வெட்டிக் கொளுத்திவிட்டுப் புதுக் கன்று நடப் போகிறார்கள். மொட்டைக் குன்றிலிருந்து தண்ணீர் இறங்கினால் அக்கா வீட்டில் சுவர் நிற்காது. குன்றின் சரிவில் குறுக்கே நீளமான குழிகள் வெட்டினால் தண்ணீர் அதில் தங்கும். எத்தனை குழி, எவ்வளவு நெருக்கம் என்பதுதான் கேள்வி. மண் தானே வேகமாகக் குடித்துவிடும் என்றால் குழியே வேண்டாம் என்று தோட்டத்து மானேஜர் தொரை எங்கள் ஆபீசுக்கு எழுதிக் கேட்டிருந்தார். சனிக்கிழமை பதில் வேண்டும், திங்கட்கிழமை மரம் வெட்ட ஆள் வருகிறது. நான் அந்த ஆபீசில் மண் பிரிவில் கடைசி ஆள். அக்கா இருக்கும் தோட்டம் என்று சொல்லி நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை இது. எங்கள் ஆபீசர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "தெரிந்த இடத்தில் அளப்பது கஷ்டம்" என்றார். வழி தெரிந்த இடத்தில் என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்துக் கணக்கர் கிராணியாருக்கு முன்கூட்டியே கடிதம் போட்டு, சரிவில் மூன்று இடங்களில் முளைக்குச்சி அடித்து வைக்கச் சொல்லியிருந்தேன். அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, உச்சியில் ஒன்று. ஒரு நாளைக்கு ஒன்று. புதன், வியாழன், வெள்ளி.

புதன்கிழமை அடிக்குச்சி. வேலியிலிருந்து நூறு கஜம் இருக்கும். குச்சியைச் சுற்றி இடம் நல்ல சுத்தமாக இருந்தது. இராத்திரி விழுந்த இலைகள் கொஞ்சம். அதைக் கையால் ஒதுக்கினேன். கீழே செம்மண் தரை வழவழவென்று கிடந்தது. கிராணியார் ஆள் விட்டுப் புல் செதுக்கிவைத்திருக்கிறார், நல்ல மனுஷன் என்று நினைத்தேன். அதற்குமேல் நினைக்க நேரமில்லை. வளையத்தின் மேல் பலகையைக் குறுக்கே வைத்துச் சம்மட்டியால் அடித்து, நான்கு அங்குலம் மண்ணுக்குள் இறக்கினேன். முதலில் பெரியது, அதற்கு நடுவில் சின்னது. மட்டம் பார்த்தேன். சின்ன வளையத்துக்குள் ஒரு சாக்குத் துண்டை விரித்து, தண்ணீர் மண்ணைக் கிளறிவிடாமல் அதன் மேல் ஊற்றினேன். இரண்டு வளையத்திலும் தண்ணீர் ஒரே உயரத்துக்கு வந்ததும் சாக்கை எடுத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

தண்ணீர் சுமப்பதற்குத் தோட்டத்தில் இரண்டு பெண்களைக் கொடுத்திருந்தார்கள். பால் வாளிகளைக் கழுவி, காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் மாட்டி, ஓடையிலிருந்து மொண்டு வந்தார்கள். ஒருத்தி பேசவே மாட்டாள். வாசலில் சிரித்தவள் வாயை மூடவே மாட்டாள். அவளை நான் சின்னம்மா என்று கூப்பிட்டேன்.

"உள்ள இருக்கறதத்தான அளக்குற? அப்புறம் எதுக்கு வெளிய இவ்ளோ பெரிய வளையம்? எங்க தோளு என்ன ஓசியா வந்துச்சா?"

"உள்ள மட்டும் ஊத்துனா தண்ணி கீழ போகாம பக்கவாட்டுல ஓடிரும், சின்னம்மா. வேகமா எறங்குறாப்ல பொய்யாத் தெரியும். சுத்தி வெளியவும் தண்ணி நின்னா, உள்ள இருக்கறது நேரா கீழதான் போகணும்."

அவள் கம்பைத் தோளிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, வளையங்களைப் பார்த்தாள். பிறகு கீழே தெரிந்த லயத்து வேலியைப் பார்த்தாள். உள்வேலி, வெளிவேலி.

"ஓ, நம்மள மாதிரியா. உள்ள இருக்கறவன் பக்கவாட்டுல ஓடிறக் கூடாது. புரிஞ்சிருச்சு லா."

முதல் பத்து நிமிஷத்திலேயே எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. தண்ணீர் மட்டத்தைக் காட்ட உள்ளே நிறுத்தியிருந்த கொக்கியின் முனை வெளியே தெரியவே இல்லை. கண்ணை வளைய விளிம்போடு வைத்துப் பார்த்தால் மயிரிழை இறங்கியிருந்தது. அரை மணி நேரத்தில் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. ஒரு மணி நேரத்தில் பத்தில் ஒன்றரைப் பங்கு. ஆறு டின் தண்ணீர் வேண்டும் என்று சொல்லியிருந்தேன், இரண்டு டின் போதுமாக இருந்தது. சின்னம்மா நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். "இந்த வேல தெனமும் இருந்தா நல்லாருக்கும்" என்றாள்.

எனக்கு உட்கார முடியவில்லை. சந்தோஷத்தில்தான். இந்த மண் தண்ணீரே குடிக்காது. மழையில் பெரும்பங்கு ஓடித்தான் வரும். இதை எழுதிக் கொடுத்தால் தொரை நெருக்கமாகக் குழி வெட்டியே ஆக வேண்டும். எழுந்து நின்றேன், குனிந்து அளந்தேன், மறுபடி எழுந்தேன். எழுபத்தைந்தாவது நிமிஷத்தில் கொக்கி கொஞ்சம் வேகமாக வெளியே தெரிந்தது. தொண்ணூறில் இன்னும் வேகம். தண்ணீர் மேல் ஏதோ வைக்கோல் துரும்பு மாதிரி மிதந்தது. அதை விரலால் எடுத்துப் போட்டேன். கண் தப்பாகப் பார்த்திருக்கும் என்று எண்களை அப்படியே குறித்துக்கொண்டு, நேரமாகிறதே என்று வளையத்தைப் பிடுங்கினேன்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் தாளை விரித்தேன். இரண்டு பக்கமும் மடக்கை அளவில் கோடு போட்ட தாள். கீழே நிமிஷம், பக்கத்தில் மொத்தமாக இறங்கிய ஆழம். நாங்கள் பயன்படுத்தும் சமன்பாடு ஒரு ருஷ்யர் சொன்னது. மொத்தம் இறங்கிய ஆழம் நேரத்தின் ஒரு அடுக்காக வளரும், அந்த அடுக்கு எப்போதும் ஒன்றுக்குக் குறைவாகவே இருக்கும். ஏனென்றால் மண் முதலில் ஆவலாகக் குடித்து, நேரம் போகப்போக மெதுவாகக் குடிக்கும். அது உண்மையானால் இந்தத் தாளில் புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் விழ வேண்டும். கோட்டின் சாய்வுதான் அந்த அடுக்கு. ஒரு நிமிஷத்தில் கோடு எங்கே நிற்கிறதோ அது இன்னொரு எண். இரண்டும் கிடைத்துவிட்டால் எந்த நிமிஷத்தில் மண் என்ன வேகத்தில் குடிக்கும் என்று கணக்குப் போட்டு எடுத்துவிடலாம்.

முதல் ஐந்து புள்ளியும் ஊசியில் கோர்த்த மாதிரி விழுந்தன. சாய்வு பாதி. கடைசி இரண்டு மட்டும் மேலே வளைந்து எழுந்து நின்றன. அந்த இடத்தில் சாய்வு ஒன்றைத் தாண்டியிருந்தது. அப்படியானால் நேரம் ஆக ஆக மண்ணுக்குத் தாகம் கூடுகிறது என்று அர்த்தம். அப்படி ஒரு மண்ணை நான் படித்ததில்லை.

கறுப்பு நூலை முதல் ஐந்து புள்ளி மேல் இழுத்துப் பிடித்துக் கோடு போட்டேன். கடைசி இரண்டையும் பென்சிலால் மெல்ல வட்டமிட்டு, 'அளவு பிழை' என்று எழுதினேன். கோட்டிலிருந்து ஒரு மணி நேரத்து வேகத்தை எடுத்தால், மணிக்கு ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. நல்ல பதில். அக்கா தன் ரேஷன் அரிசியில் எனக்குச் சோறு போட்டாள். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். அந்த இரண்டு வட்டமும் தாளிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

வியாழக்கிழமை நடுக்குச்சி. அங்கே தரை வழவழப்பாக இல்லை. இலைக்கூளமும் வேருமாக இருந்தது. தண்ணீரை ஊற்றினதும் கண் முன்னாலேயே இறங்கியது. பத்து நிமிஷத்தில் ஒன்றேகால் அங்குலம். ஒரு மணியில் மூன்றரை. சின்னம்மாவும் மற்றவளும் ஓட்டமும் நடையுமாகத் தண்ணீர் சுமந்தார்கள்.

"நேத்து ஒரு பேச்சு, இன்னிக்கு ஒரு பேச்சா? என்னா தம்பி இது, பாதாளத்துக்கா ஊத்துறோம்?"

ஒரே குன்று. ஒரே மண். இருநூறு கஜ தூரத்தில் வேகம் இருபது மடங்குக்கு மேல். ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. எது என்று தெரியவில்லை. அடுத்த அளவுக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கும்போதெல்லாம் சரிவில் இறங்கி அடிக்குச்சியைப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க ஏறி வந்தேன். அங்கே நேற்று வளையம் இருந்த இடத்தில் தரை உரிந்து, செதில் செதிலாக ஓரம் சுருண்டு கிடந்தது.

அன்று சாயங்காலம் அக்கா ஒட்டுப்பால் நாற்றத்தோடு வந்து, கை கழுவிக்கொண்டே கேட்டாள்.

"நேத்து அந்தக் குச்சி அடிச்ச எடத்துல தான வேல செஞ்ச? எடம் எப்டி இருந்துச்சு?"

"ஏங்க்கா?"

"எப்டி இருந்துச்சுன்னு கேக்குறேன்ல?"

"சுத்தமா இருந்துச்சு."

அக்கா முகம் மலர்ந்தது. "செவ்வாக்கெழம பால் எடுத்து முடிச்சிட்டு ஓடிப்போய் பெருக்கி, செம்மண்ணும் சாணியும் கரச்சு மெழுகிவச்சேன். ரெண்டு பூச்சு. எம் தம்பி மொத மொதல்ல நம்ம தோட்டத்துக்கு ஆபீசு வேலைக்கு வர்றான், காட்டு நெலத்துல அப்டியேவா ஒக்காருவான்? மேல இருக்கற ரெண்டையும் மெழுகலாம்னுதான் பாத்தேன். மணி ஒண்ணாயிருச்சு, மாத்தா விசில் ஊதிட்டான்."

 மிதந்த வைக்கோல் துரும்பு ஞாபகத்துக்கு வந்தது. சாணிப் பூச்சு ஒரு மணி நேரம் தண்ணீரைத் தடுத்திருக்கிறது. பிறகு ஊறி, நெகிழ்ந்து, உரிந்திருக்கிறது. அதனால்தான் புள்ளிகள் மேலே எழுந்தன. என் அளவில் பிழை இல்லை. நான் அளந்தது குன்றை இல்லை, அக்கா கை வேலையை.

சொன்னேன். அவளுக்குப் புரியும்படி சொல்ல வெகு நேரம் ஆகவில்லை. பூச்சு தண்ணியை விடாது என்பது என்னைவிட அவளுக்குத் தெரியும்.

"அப்ப கெடுத்துட்டேனா?" என்றாள். உடனே அவளே, "இரு, இரு. தண்ணி எறங்கலேன்னு வந்தா என்னா ஆகும்?"

"நெறையா குழி வெட்டச் சொல்லுவாங்க."

"எறங்குதுன்னு வந்தா?"

"வேணாம்னு சொல்லிருவாங்க."

அவள் வாசற்படியைப் பார்த்தாள். போன மழைத் தண்ணீர் நின்ற கோடு சுவரில் முழங்கால் உயரத்துக்கு இன்னும் தெரிந்தது.

"அப்ப நல்லதுதான் செஞ்சிருக்கேன். அப்டியே எழுதிக் குடுத்துருடா. யாருக்குத் தெரியப் போவுது? சாணியா வந்து சாட்சி சொல்லும்?"

"அது பொய்க்கா."

"பொய்யா? மண்ணுல தண்ணி எறங்கல. நீயே பாத்த. எங்க பொய்யி?"

"நாளைக்கு வேற யாராவது வந்து பக்கத்துல அளந்தா ரெண்டங்குலம் எறங்கும். அப்புறம் நான் எதச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க. குழியும் வராது. என் வேலயும் போயிரும்."

"ஒன் வேலதான் ஒனக்கு." குரல் உயரவில்லை. அதுதான் வலித்தது. நான் சிரம்பானில் படித்த வருஷங்களில் இரண்டு ஆள் பங்கு மரத்தில் ஒற்றையாகப் பால் வெட்டினவள். "படிச்சது எங்க போச்சு? ஒரு நம்பரு எழுத முடியல ஒனக்கு. கோடு போட்டுக் கோடு போட்டுப் பாக்குற. இங்க தண்ணி உள்ள வர்றப்ப நீ கோலாலம்பூர்ல இருப்ப."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் தாளை எடுத்து வட்டமிட்ட இரண்டு புள்ளியையும் பார்த்தேன். 'அளவு பிழை' என்று எழுதியதை ரப்பரால் அழித்தேன். அழித்த இடம் பளபளத்தது.

வெள்ளிக்கிழமை உச்சிக்குச்சிக்குப் போக வேண்டிய நாள். நான் போகவில்லை. அடிக்குச்சியிலிருந்து பத்து கஜம் தள்ளி, யாரும் தொடாத இடத்தில் வளையத்தை அடித்தேன். ஏழே முக்காலுக்குத் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு மணி நேரம். ஒவ்வொரு புள்ளியையும் அங்கேயே முழங்காலில் தாளை வைத்துக் குறித்தேன். நேர்கோடு. வளைவே இல்லை. நடுக்குச்சி கோட்டின் மேல் இதை வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஒரு மணி நேரம் கழிந்த பிறகும் மணிக்கு இரண்டு அங்குலம் குடிக்கிற மண். சாதாரண மழையை இந்தக் குன்று முழுங்கிவிடும். போன வருஷம் வந்தது போல அடைமழை பெய்தால்தான் மீதி ஓடும். இந்த எண்ணைக் கொடுத்தால் தொரை குழி வேண்டாம் என்பார்.

மணி ஒன்பதே முக்கால். எதற்கென்று தெரியாமல் வளையத்தைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உச்சிக்குப் போனாலும் இதேதான் வரும். சின்னம்மா மீதித் தண்ணீரோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். பால் வெட்டுக்காரர்கள் தினமும் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை அது. ஒரு வேரில் கால் தடுக்கி, ஒரு வாளி அப்படியே கவிழ்ந்தது.

"ஐயோ, போச்சு!"

அந்தத் தண்ணீர் மண்ணில் இறங்கவில்லை. சிவப்பாக நுரைத்துக்கொண்டு பாதை வழியே ஓடியது. நான் அதன் பின்னால் ஓடினேன். சின்னம்மா, "விடு தம்பி, வேற மொண்டாறேன், அதப் புடிக்கவா போற?" என்று கத்தினாள். தண்ணீர் வளைந்து, நெளிந்து, வேலிக்கு இருபது கஜம் இருக்கும்போதுதான் நின்றது. இரண்டு பக்கமும் இலைக்கூளத்து மண் சும்மா கிடந்தது. அதன் மேல் பட்டிருந்தால் பத்தடி ஓடியிருக்காது.

பாதை. மரம் வெட்ட வரும் ஆட்கள் மிதிப்பார்கள். கட்டையை இழுப்பார்கள். கொளுத்துவார்கள். மேலே இலையும் இருக்காது, கீழே கூளமும் இருக்காது. மழை நேராக மண்ணை அடிக்கும். குன்று முழுக்க இந்தப் பாதையாகத்தான் ஆகப் போகிறது. நான் மூன்று நாளாக நாளைக்கு இல்லாமல் போகிற மண்ணை அளந்துகொண்டிருக்கிறேன்.

"சின்னம்மா, இன்னும் நாலு டின்!"

"இப்பவா? ஒரு மணிக்கு உள்ள இருக்கணும்யா!"

கொட்டிய தண்ணீர் படாத இடமாக, மேலே ஒரு வளைவில் தேர்ந்துகொண்டேன். பாதை கல் மாதிரி இருந்தது. வளையம் ஒரு பக்கம் இறங்கினால் மறு பக்கம் எழும்பியது. மூன்று தடவை பிடுங்கி அடித்தேன். உள்ளங்கை தோல் கிழிந்தது. மட்டமாக நிறுத்தவே பதினொன்றேகால் ஆகிவிட்டது. தண்ணீர் போதவில்லை. பேசாதவள் ஓடைக்கும் மேட்டுக்குமாக நடந்து சோர்ந்துவிட்டாள். பெரிய வளையத்தில் மட்டம் ஏறவில்லை. உள்ளே மட்டும் நிரப்பினால் எல்லாம் வீண்.

அப்போது கீழே இன்னொரு காண்டாக் கம்பு ஏறி வருவது தெரிந்தது. அக்கா. பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு, அதே வாளிகளை அலசித் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். என்னைப் பார்க்காமல் சின்னம்மாவிடம், "எங்க ஊத்தணும்?" என்று கேட்டாள்.

"வெளி வேலில ஊத்து" என்றாள் சின்னம்மா.

பதினொன்று இருபதுக்கு ஆரம்பித்தேன். முதல் நிமிஷம், இரண்டாவது, ஐந்தாவது. மெல்ல, மிக மெல்ல. ஆனால் நிற்கவில்லை. அக்கா பெரிய வளையத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மட்டம் நூல் இறங்கினால் சிரட்டையால் ஊற்றினாள். உள்ளே ஊற்றக் கை போனபோது, "உள்ள நான் ஊத்துறேன்க்கா, அளந்து ஊத்தணும்" என்றேன். கையை இழுத்துக்கொண்டாள்.

"இதுல நான் ஒண்ணும் பூசல" என்றாள்.

"தெரியும்."

"ஊர்ல இருக்கறவன் அத்தன பேரும் மிதிச்சிருக்கான். அதான் பூச்சு."

ஒரு மணி நேரத்தில் அரை அங்குலம் கூட இறங்கவில்லை. முழங்காலில் இருந்த தாளில் புள்ளிகள் ஒன்றன் பின் ஒன்றாக உட்கார்ந்தன. எழுபத்தைந்தாவது நிமிஷத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அங்கேதானே அன்று வளைந்தது. கொக்கியைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். புள்ளியை வைத்தேன். கோட்டின் மேலேயே விழுந்தது.

இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டியது. எண்பதாவது நிமிஷத்தில் கீழே விசில் கேட்டது. மாத்தா வாசலில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு நாற்பது. வளையத்தைப் பிடுங்க முடியவில்லை, அப்படி இறுகியிருந்தது. நாங்கள் நால்வரும் சேர்ந்து ஆட்டி எடுத்தோம். பெரிய வளையத்தைச் சின்னம்மா காண்டாக் கம்பில் மாட்டிக்கொண்டாள். வாசலுக்கு வந்தபோது ஒன்றுக்கு நான்கு நிமிஷம். மாத்தா கடிகாரத்தையும் எங்களையும் பார்த்து, "பெரியுக் சுடா மாசாக்?" என்றார். பானை வெந்துவிட்டதா என்று.

அன்று லாரியில் கோலாலம்பூர் திரும்பும்போதே கணக்கை முடித்தேன். குலுங்கிக் குலுங்கி எழுத்து கோணியது. எண்பது நிமிஷ அளவிலிருந்து இரண்டு மணிக்கு என்ன வேகம் என்று சமன்பாட்டைக் கேட்கலாம். அதற்குமேல் கேட்கக் கூடாது. கேட்டால் வேகம் குறைந்துகொண்டே போய் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும் என்று சொல்லும். நிஜ மண் அப்படி ஒரேயடியாக நின்றுவிடாது. ஒரு மணி நேரம் கழித்து வேகம் மணிக்கு அங்குலத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மணி நேரம் கழித்து ஆறில் ஒரு பங்கு. அக்கா பூசிய இடத்தைவிட அதிகம், ஆனாலும் மிதிபடாத மண்ணில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்.

அறிக்கையில் நான்கு வரிசை எழுதினேன். முதல் வரிசையின் மேல் கோடு போட்டு அடித்து, ஏன் என்று எழுதினேன். தரை சாணியால் மெழுகப்பட்டிருந்தது, மரியாதைக்காக, அளந்தவர் கவனிக்கவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் இப்போதிருக்கும் மண். நான்காவது மரம் போன பிறகு வரக்கூடிய மண், ஒரே ஒரு இடத்தில், எண்பது நிமிஷம் மட்டும். உச்சிக்குச்சியில் அளக்கவில்லை. மெழுகிய பெண் என் அக்கா என்பதையும் எழுதினேன். 

சனிக்கிழமை காலை ஆபீசர் அதைப் படித்தார். முதல் வரிசையில் வெகு நேரம் நின்றார். சிரிக்கவில்லை.

"மூன்று இடம் சொன்னேன். உச்சி எங்கே?"

"நேரம் இல்லை, சார்."

"நீ நேரத்தைப் பாதையில் செலவழித்தாய்." பென்சிலால் நான்காவது வரிசையைத் தட்டினார். "பாதையைக் காட்டி ஒரு முழுக் குன்றுக்கும் குழி கேட்டால் அந்த மானேஜர் என்னைத் தின்றுவிடுவார்."

வெளியே போய் நிற்கச் சொன்னார். அரை மணி நேரம் டெலிபோனில் பேசினார். கதவுக்கு வெளியே நான் முன்னும் பின்னும் நடந்தேன். உள்ளே குரல் ஏறியது, இறங்கியது. பிறகு கூப்பிட்டார். குன்று முழுக்கக் கிடையாது. லயத்துக்கு மேலே, அடிச்சரிவில் மட்டும், இரண்டு வரிசை. எரித்த பிறகு நீ மறுபடி போய் அளக்க வேண்டும், இந்தத் தடவை உச்சியையும் சேர்த்து. "போவதற்கு முன் தரையைப் பார்" என்றார்.

மழைக்கு முன் குழி வெட்டினார்கள். அக்காவும் மண் அள்ளினாள் என்று கிராணியார் எழுதிய கடிதத்தில் இருந்தது. மரம் விழுந்து, எரிந்து, அடைமழை தொடங்கி இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்குப் பாஸ் கிடைத்தது. லாரி லயத்தை நெருங்கும்போது கால் தானாகத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. மொட்டைக் குன்று கரியும் சிவப்புமாக நின்றது. குழிகளில் விளிம்பு வரை செந்நிறத் தண்ணீர்.

அக்கா வாசலில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் பழைய கோட்டுக்கு வெகு கீழே, வாசற்படியின் மேல் விளிம்புக்கு ஒரு விரல் தாழ, புதுக் கோடு ஒன்று இருந்தது.

"படி வரைக்கும் வந்துச்சு" என்றாள். "நான் சட்டி பானையெல்லாம் பரண்ல ஏத்திட்டு முழிச்சிக்கிட்டே நிக்கிறேன். அங்கயே நின்னுச்சு. உள்ள வரல."

கொஞ்ச நேரம் தீட்டினாள். பிறகு, "அந்தக் காயிதம் வச்சிருக்கியா? காட்டு" என்றாள்.

கார்பன் நகல் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, நான்கு வரிசையையும் மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இதுல எது நானு?"

மேல் வரிசையைக் காட்டினேன்.

"அடிச்சிருக்கே."

"ஆமாக்கா."

"எல்லாத்துக்கும் மொதல்ல இருக்கு, அதயும் அடிச்சு வச்சிருக்கான் பாரு" என்று, உள்ளே யாரோ இருப்பது போலத் திரும்பிச் சொன்னாள். தாளை மடித்து வைத்துக்கொண்டாள், திருப்பிக் கொடுக்கவில்லை. எரித்த குன்றில் என் புதுக் குச்சிகள் எங்கே என்று கேட்டாள். சொன்னேன்.

"பயப்படாத லா" என்றாள். "கிட்டவே போக மாட்டேன்."